நிர்வாகக் குழுவுக்கு வர விரும்புவோரின் அறிமுகக் குறிப்பு

(ஜமாஅத் உறுப்பினர்களுக்கான பயிலமர்வில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

நம் ஊர்களில் கல்விச் சங்கங்கள் இருக்கின்றன. மருத்துவ உதவி மன்றங்கள், நூலகக் குழுக்கள், ஆம்புலன்ஸ் சேவை அமைப்புகள் இருக்கின்றன. இவற்றின் நிர்வாகக் குழுவில் ஓர் இடம் காலியாகும்போது, போட்டியிட விரும்புவோரிடம் ஒரு பக்க அளவில் அறிமுகக் குறிப்பு கேட்கும் வழக்கம் பரவிவருகிறது. பொதுக்குழு அழைப்புடன் அக்குறிப்புகளும் அச்சாகி உறுப்பினர் வீடுகளுக்கு வந்து சேருகின்றன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்ய உதவுவதில்லை. பெயரையும் நிழற்படத்தையும் மாற்றிவிட்டால் ஒருவர் குறிப்பு மற்றவருக்கும் பொருந்தும். அதை எப்படி எழுதினால் பயன்படும் என்பதே இன்று நமக்கு ஒதுக்கப்பட்ட தலைப்பு. வக்ஃபு நிர்வாகம் தனிச் சட்டத்துக்கு உட்பட்டது. அதனை இங்கு நாம் எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் அந்த இடம் எத்தகையது என்பதைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பெரும்பாலான சங்கங்கள் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவை. அச்சட்டப்படி நிர்வாகக் குழுவில் குறைந்தது மூவர் இருக்கவேண்டும், அவர்தம் பதவிக்காலம் மூன்றாண்டுகளுக்கு மேற்படலாகாது, மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படலாம். குழுவில் யார் வந்தாலும் யார் விலகினாலும் அதனைச் சங்கப் பதிவாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆண்டுதோறும் கணக்கைப் பொதுக்குழுவின் முன்வைத்துப் பதிவாளருக்கும் அனுப்பவேண்டும். ஆகவே இது மேடையில் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் இடமன்று. அரசுப் பதிவேட்டில் பெயர் ஏறுகிற இடம். கணக்கில் கேள்வி எழுந்தால் பதில் சொல்ல வேண்டிய இடம்.

இங்கே நம்மவர் பலரிடம் ஒரு குழப்பம் உண்டு. தொண்டு செய்வதும் நிர்வகிப்பதும் ஒன்றென்றே எண்ணிவிடுகிறோம். இரத்தம் தேவைப்படும் நோயாளிக்கு நள்ளிரவில் ஆள் தேடித் தருபவர் தொண்டர். அந்த இரத்த தான அமைப்பின் பெயரால் யார் பணம் வசூலிக்கிறார்கள், இரசீது யாரிடம் இருக்கிறது, வங்கிக் கணக்கில் எத்தனை பேர் கையொப்பமிடவேண்டும், செலவுக்கு யார் ஒப்புதல் தருவது என்று கேட்டு ஒழுங்கு செய்பவர் நிர்வாகி. முன்னவரிடம் பின்னைய திறன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அது இருக்கிறதா என்பதைத்தான் குறிப்பு வாக்காளருக்குக் காட்டவேண்டும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். நாம் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட மனிதர்தாம் இவர், பெயர் வேண்டாம். வட்டத் தலைநகர் ஒன்றில் மெட்ரிக் பள்ளி நடத்தும் ஒரு கல்விச் சங்கம். பதினொருவர் கொண்ட நிர்வாகக் குழு. ஓர் இடம் காலி. ஐம்பத்திரண்டு வயதான ஒரு சகோதரர் போட்டியிட விரும்புகிறார். அரிசி மண்டி ஒன்றில் கணக்கெழுதுகிறார். மகள் இருவர் அதே பள்ளியில் படிக்கிறார்கள். அவர் எழுதிக்கொண்டுவந்த முதற்குறிப்பு இப்படி இருக்கிறது:

“ஏழைகளின் தோழர், எளிமையின் இருப்பிடம். கால் நூற்றாண்டுக் காலமாகத் தன்னலமற்ற சமூக சேவையில் தம்மை அர்ப்பணித்துக்கொண்டவர். பல்வேறு அமைப்புகளில் பல பொறுப்புகளை வகித்தவர். 2015ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது இரவுபகல் பாராது உழைத்தவர். வெளிநாடு வாழ் நண்பர்களிடம் நன்கொடை திரட்டி உதவியவர். நல்லுள்ளங்களின் அன்பு வேண்டுகோளுக்கிணங்கிப் போட்டியிடுகிறார். வெற்றி பெற்றால் பள்ளிக் கட்டணத்தைக் குறைப்பார்.”

இதில் பொய் ஏதும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் இதைப் படித்த உறுப்பினருக்கு ஒன்றும் தெரியவில்லை. “பல்வேறு அமைப்புகள்” என்றால் எவை? “பல பொறுப்புகள்” என்றால் பொருளாளரா, விழாக்குழுவில் பந்தல் போட்டவரா? இரவுபகல் பாராது உழைத்தார்; எதனை? இப்படி ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னாலும் “எப்போது, எங்கே, என்ன செய்தீர், அதனால் என்ன மாறியது?” என்று கேட்டுக்கொண்டே வந்தால், எழுதவேண்டிய செய்தி தானே வெளிவரும். அவரை உட்காரவைத்து அவ்வாறு கேட்போம்.

வெள்ள நிவாரணத்தில் என்ன செய்தீர் என்று கேட்கிறோம். அவர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: மற்றவர்கள் பொட்டலம் சுமந்தார்கள், தாம் சரக்குப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டாராம். ஊரிலிருந்து சென்னைக்கு 1,800 பொட்டலங்கள் அனுப்பப்பட்டன. அங்கு ஆறு இடங்களில் வழங்கப்பட்டன. ஒவ்வோர் இடத்திலும் பெற்றுக்கொண்டவர் கையொப்பத் தாளை அவர் வாங்கிவரச் செய்தார். இரவில் கூட்டிப் பார்த்தால் 1,660தான் வருகிறது. 140 பொட்டலங்களுக்குத் தாள் இல்லை. பலர் “போகட்டும், மழையில் நனைந்திருக்கும்” என்றார்கள். அவர் விடவில்லை. மறுநாள் விசாரித்ததில், இரண்டு தெருக்களுக்கு ஒருவரே பொறுப்பேற்று, இரண்டாம் தெருவின் தாளை வண்டியிலேயே விட்டுவிட்டது தெரியவந்தது. தாள் கிடைத்தது, கணக்கு நேரானது. பொட்டலம் கொடுத்தவர் மீது எழவிருந்த சந்தேகமும் அத்தோடு நீங்கியது.

பாருங்கள், இந்த மனிதர் தம் குறிப்பில் எழுதாமல் விட்ட செய்திதான் அவரை நிர்வாகக் குழுவுக்குத் தகுதியுடையவராகக் காட்டுகிறது. அனுப்பியதும் சேர்ந்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பழக்கம், ஒத்துப்போகாதபோது வாய்மூடி இராத குணம், யாரையும் குற்றஞ்சாட்டாமல் காரணத்தைத் தேடும் பொறுமை ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருக்கின்றன. “இரவுபகல் பாராது” என்ற சொற்றொடர் இம்மூன்றையும் மறைத்துவிட்டது.

அடுத்து, பள்ளியோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்று கேட்கிறோம். மகள்கள் படிக்கிறார்கள் என்கிறார். அவ்வளவுதானா? பிறகு நினைவுகூர்கிறார். சங்க உறுப்பினர் என்ற முறையில் ஒரு பொதுக்குழுவில் தாம் ஒரு கேள்வி கேட்டதாகவும், அதனால் சிலருக்கு மனவருத்தம் ஏற்பட்டதாகவும் சொல்கிறார். அந்தக் கேள்வியைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். கணக்கு வாசிக்கத் தெரிந்தவர் என்றால் என்ன பொருள் என்பது அதில் விளங்கும்.

மார்ச் 31ஆம் தேதியன்று சங்கத்தின் வங்கி இருப்பு ஒன்பது இலட்சம் ரூபாய் என்று அறிக்கையில் அச்சாகியிருந்தது. கையில் பணம் இருக்கிறது, நான்கு இலட்சம் முன்பணம் கொடுத்து இரண்டாவது வேன் வாங்கிவிடலாம் என்று தீர்மானம் வந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். இவர் எழுந்து, அந்த ஒன்பது இலட்சத்தில் அடுத்த கல்வியாண்டுக்காக முன்கூட்டி வாங்கிய கட்டணம் எவ்வளவு என்று கேட்டார். பார்த்தால், 5,40,000 ரூபாய். அது ஜூன் மாதம் தொடங்கிப் பாடம் நடத்தித் தீர்க்கவேண்டிய கடன். ஏழை மாணவர் உதவித்தொகைக்கென்று ஒருவர் குறித்துக் கொடுத்த நன்கொடை 2,10,000. அதை வேனுக்குத் தொடலாகாது; அது அமானத். ஊழியர் சேமநல நிதிக்கு மார்ச் மாதத்துக்காக ஏப்ரல் 15க்குள் கட்டவேண்டியது 60,000. இவற்றைக் கழித்தால் சங்கம் தன் விருப்பப்படி செலவழிக்கக்கூடியதாக மீதமிருப்பது 90,000 ரூபாய் மட்டுமே. அப்பள்ளியின் மாதச் சம்பளச் செலவு 3,20,000. அதாவது ஒன்பது இலட்சம் என்று தோன்றிய பணம் உண்மையில் எட்டு நாள் சம்பளத்தைச் சற்றே தாண்டும். அன்றைக்கு வேன் வாங்கியிருந்தால் ஏப்ரல் மாதச் சம்பளத்துக்கு அந்த ஏழை மாணவர் நிதியில்தான் கைவைத்திருப்பார்கள். யாரும் திருடியிருக்கமாட்டார்கள், ஆனாலும் கொடுத்தவர் நோக்கம் வீணாகியிருக்கும். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

வங்கி இருப்பு என்பது அன்றைய தேதியில் பெட்டியில் இருந்த பணத்தைக் காட்டும். அதில் எவ்வளவு நம்முடையது என்பதை அது காட்டாது. அதற்கு வரவு செலவுப் பட்டியலோடு, கொடுக்கவேண்டியவற்றையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பையும் சேர்த்துப் படிக்கவேண்டும். நிர்வாகக் குழுவில் பதினொருவரும் கணக்கர்களாக இருக்கத் தேவையில்லை. ஆனால் இக்கேள்வியைக் கேட்கத் தெரிந்த இருவராவது இல்லாத குழு, செயலாளர் எது சொன்னாலும் தலையாட்டும் குழுவாகத்தான் இருக்கும். அந்தச் செயலாளர் நல்லவராக இருந்தாலும் அப்படித்தான்.

இனி, நன்கொடை திரட்டியதாக அவர் எழுதிய வாக்கியம். நம் ஊர்க் குறிப்புகளில் இது தவறாமல் வரும், பெருமைக்குரியதாகவும் கருதப்படும். விவரமறிந்த வாக்காளர் இதைப் படித்தவுடன் கேட்பது: அந்த “வெளிநாடு வாழ் நண்பர்” எந்த நாட்டுக் குடிமகன்? துபாயிலோ ரியாத்திலோ வேலை பார்க்கும் நம் பிள்ளை, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாக அனுப்பினால் அது சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே நேரத்தில், சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ குடியுரிமை பெற்றுவிட்ட நம் மாமா அனுப்பினால், அவர் தமிழராகவும் நம் இரத்த உறவாகவும் இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடையே. இந்திய வம்சாவளியினருக்கான அட்டை வைத்திருந்தாலும் நிலைமை மாறாது. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அதைப் பெறுவதற்கு மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அத்தகைய பணம் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறக்கப்பட்ட குறித்த கணக்கில்தான் வந்து சேரவேண்டும். அனுமதியில்லாத சங்கத்தின் உள்ளூர்க் கணக்கில் அது விழுந்தால், அனுப்பியவர் அன்போடு அனுப்பினார் என்பது பதிலாகாது.

நம் சகோதரரிடம் கேட்டபோது, தாம் திரட்டிய தொகை முழுவதும் வளைகுடாவில் வேலை செய்யும் நம் ஊர் இளைஞர்கள் அனுப்பியது என்றும், அனுப்பியவர் பாஸ்போர்ட் நகலை வாங்கி இரசீதோடு சேர்த்து வைத்ததாகவும் சொன்னார். அப்படியானால் அதை அப்படியே எழுதலாம். அவ்வாறில்லாமல் யார் யாரிடமிருந்தோ வந்தது என்றால், அந்த வாக்கியம் பெருமையன்று. தம் குறிப்பிலேயே எழுதிக்கொடுத்த குற்றச்சாட்டு.

இனிச் சொல்லப்போவதுதான் எல்லோரும் தவிர்க்க விரும்புவது. பேச்சின் நடுவில் அவர், பள்ளிக்குச் சீருடைத் துணி கொடுக்கும் கடையில் தம் மனைவியின் சகோதரர் பங்குதாரர் என்று சொன்னார். “இதையுமா எழுதவேண்டும்? எழுதினால் ஓட்டு விழுமா?” என்று கேட்டார். கட்டாயம் எழுதவேண்டும் என்பதே நம் கருத்து. வருமான வரிச் சட்டம் அறநிலையங்களுக்குத் தரும் விலக்கு நிபந்தனைகளுக்கு உட்பட்டது. நிர்வாகிக்கோ அவருடைய நெருங்கிய உறவினருக்கோ, மனைவியின் சகோதரர் உட்பட, நியாய விலைக்கு மேல் சங்கப் பணம் சென்றால் அந்த விலக்குக்கே ஊறு நேரும். கடைக்காரர் நியாய விலைக்குத்தான் கொடுக்கிறார் என்றாலும், அதனை மற்ற உறுப்பினர்கள் வேறு இரண்டு கடைகளின் விலைப்புள்ளியோடு ஒப்பிட்டு உறுதி செய்திருக்கவேண்டும். அப்போது இவர் அங்கே உட்கார்ந்திருக்கலாகாது.

ஊரறிந்த உறவை மறைக்கவும் முடியாது. தேர்தலுக்கு முன் அவரே எழுதினால் அது இரண்டு வரிச் செய்தி. தேர்தலுக்குப் பின் அடுத்தவர் சொன்னால் அது துண்டுப் பிரசுரம். அது மட்டுமன்று, “அந்தக் கொள்முதல் பேசப்படும்போது நான் வெளியேறுவேன்” என்று முன்கூட்டியே எழுதுபவர், குழுவில் எப்படி நடந்துகொள்வது என்பதை அறிந்தவர் என்று வாக்காளருக்குத் தெரிந்துவிடுகிறது. நிர்வாகத் திறனுக்கு இதைவிட நல்ல சான்று குறிப்பில் வேறு கிடையாது.

கட்டணத்தைக் குறைப்பேன் என்ற வாக்குறுதியை எடுத்துவிடச் சொன்னோம். அவருக்கு அதில் வருத்தம். ஓட்டு வாங்கித் தரும் வரி அது ஒன்றுதானே! ஆனால் நிர்வாகக் குழுவின் தனி உறுப்பினருக்குத் தனி அதிகாரம் ஏதும் இல்லை. பதினொருவர் கூடி, குறைந்தபட்ச வருகை இருந்து, பெரும்பான்மையாக எடுக்கும் முடிவுதான் சங்கத்தின் முடிவு. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு 2009ஆம் ஆண்டு இயற்றிய சட்டமும் கட்டண நிர்ணயக் குழுவும் இருக்கின்றன. தனியாகச் செய்யமுடியாததைச் செய்வேன் என்று எழுதுபவர், தாம் போகவிருக்கும் இடத்தின் தன்மையை அறியவில்லை என்றே விவரமறிந்தோர் முடிவுகட்டுவர். மாறாக, எந்த வேலையை விரும்பி ஏற்பேன் என்று எழுதலாம்.

நேரத்தையும் குறிப்பிடவேண்டும். அச்சங்கத்தின் குழு இரண்டாம் ஞாயிறுதோறும் கூடுகிறது. மண்டியில் கணக்கு முடிக்கும் ஏப்ரல் மாதத்தில் வார நாட்களில் தம்மால் வர இயலாது என்று அவர் சொன்னார். அதையும் எழுதச் சொன்னோம். ஆறு அமைப்புகளில் பொறுப்பு வகிக்கிறேன் என்று ஒருவர் எழுதினால் நாம் மகிழ்வதில்லை. ஏழாவதற்கு எந்த ஞாயிற்றுக்கிழமை மிச்சமிருக்கிறது என்றுதான் யோசிக்கிறோம்.

இவையெல்லாம் பேசி முடித்தபின் அவர் திருத்தி எழுதிய குறிப்பு இது. முதற்குறிப்பைவிட நீளம்தான், ஆனாலும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது:

“வயது 52. அரிசி மண்டியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கெழுதுகிறேன். சங்கத்தில் ஒன்பது ஆண்டுகளாக உறுப்பினர். என் மகள்கள் இருவர் நம் பள்ளியில் முழுக் கட்டணம் செலுத்திப் படிக்கின்றனர்.

2015 டிசம்பர் வெள்ள நிவாரணத்தில் ஊரிலிருந்து சென்ற 1,800 பொட்டலங்களுக்கான சரக்குப் பதிவேட்டையும் ஆறு வழங்குமிடங்களின் கையொப்பத் தாள்களையும் பராமரித்து, இறுதிக் கணக்கை ஒப்படைத்தேன். அப்பணிக்கு வளைகுடாவில் பணிபுரியும் இந்தியக் குடிமக்களிடம் மட்டும் வங்கி வழியாக நன்கொடை பெற்று, இரசீதும் ஆவணமும் வைத்திருந்தேன்.

வேன் வாங்குவது குறித்த பொதுக்குழுவில், வங்கி இருப்பில் முன்கட்டணமும் உதவித்தொகை நிதியும் அடங்கியிருப்பதைச் சுட்டிக்காட்டினேன். குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டால், குறித்த நோக்கத்துக்காக வரும் நன்கொடைகளைத் தனிக் கணக்கில் காட்டும் பணியையும், காலாண்டுக்கொரு முறை நிதிநிலையை ஒரு பக்கத்தில் குழுவின் முன்வைக்கும் பணியையும் செய்ய விரும்புகிறேன். கல்வி முறை, கட்டட வேலை ஆகியவற்றில் எனக்கு அனுபவம் இல்லை.

சீருடைத் துணி வழங்கும் கடையில் என் மனைவியின் சகோதரர் பங்குதாரர். அக்கொள்முதல் பேசப்படும்போது கூட்டத்திலிருந்து வெளியேறுவேன், வாக்களிக்கமாட்டேன், அதனைக் கூட்ட நடவடிக்கைப் பதிவேட்டில் குறிக்கக் கேட்டுக்கொள்வேன். இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்கு வர இயலும். ஏப்ரல் மாத வார நாட்களில் இயலாது. வேறு எந்த அமைப்பிலும் இப்போது பொறுப்பில் இல்லை.”

“எனக்கு அனுபவம் இல்லை” என்ற வரியைக் கண்டு சிலர் முகம் சுளிக்கலாம். குழுவில் ஏற்கெனவே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் கட்டடப் பொறியாளர் ஒருவரும் இருக்கிறார்கள், கணக்கறிந்தவர்தான் இல்லை. வாக்காளர் தேடுவது எல்லாம் வல்லவரை அன்று. காலியான இடத்தை நிரப்புபவரை. ஆகையால் எழுத உட்காருமுன் தற்போதைய குழுவினர் யார் யார், எதில் தேர்ந்தவர் என்று பார்த்துக்கொள்வது நல்லது. பொறியாளர் மூவர் உள்ள குழுவுக்கு நான்காவது பொறியாளர் எழுதும் குறிப்பு வேறு மாதிரி இருக்கவேண்டும்.

இங்கே ஒரு சொல். இந்தச் சகோதரர் அலுவலகப் பதவி ஏதும் வகித்ததில்லை. வகித்தவர்கள் தங்கள் குறிப்பில் அதை எழுதும்போது இன்னும் கவனம் தேவை. “ஆறாண்டுகள் பொருளாளராக இருந்தேன்” என்று ஒருவர் எழுதினால், அந்த ஆறாண்டுகளின் கணக்கும் பதிவாளருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வாக்காளருக்கு உரிமை பிறந்துவிடுகிறது. சங்கம் தாக்கல் செய்த ஆவணங்களின் நகலைக் கட்டணம் செலுத்திப் பெற முடியும். தாக்கலாகாத ஆண்டு அதில் பளிச்சென்று தெரியும். இலாப நோக்கமற்ற கம்பெனியாகப் பதிவு பெற்ற அமைப்பு என்றால் இன்னும் கடுமை. எந்த ஒரு கம்பெனியும் தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் கணக்குத் தாக்கல் செய்யாதிருந்தால், அதன் இயக்குநர் 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி ஐந்தாண்டுகளுக்கு வேறு கம்பெனியில் இயக்குநராக நியமிக்கப்படும் தகுதியை இழக்கிறார். நண்பருக்காகக் கையெழுத்துப் போட்டுப் பெயரளவில் இயக்குநராகி, பின்னர் மறந்துவிட்டவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் குறிப்பு எழுதுமுன் அந்தப் பழைய கம்பெனி என்னவாயிற்று என்று பார்த்துக்கொள்ளட்டும்.

எழுதி முடித்தபின் இருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒருவர் உங்களோடு அந்தப் பணியில் இருந்தவராக இருக்கட்டும். 1,800 என்பது 1,800தானா என்று அவர் சொல்வார். மற்றவர் உங்களை அறியாதவராக இருக்கட்டும். படித்ததும் தாளை வாங்கிவிட்டு, “இவர் குழுவில் என்ன வேலை செய்வார்?” என்று அவரிடம் கேளுங்கள். “நல்ல மனிதர் போலிருக்கிறது” என்று மட்டும் சொன்னால் குறிப்பை மறுபடியும் எழுதவேண்டும். “கணக்குப் பார்ப்பார், நன்கொடையைத் தனியாக வைப்பார்” என்று சொன்னால் தேர்தல் அலுவலரிடம் கொடுத்துவிடலாம். நிழற்படத்தைத் தாளின் மூலையில் சிறிதாக ஒட்டினால் போதும்.